சாவிக்காரர் சொன்ன கதவுக் கதை

பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"காஜா பெராங் வீடா? அது வேணாம். அங்க கை இருக்கு."

டவுனில் நாங்கள் வாடகைக்குப் பார்த்திருந்த வீடு அது. என்ன கை, யாருடைய கை என்று என் கணவர் கேட்கவில்லை. அம்மா பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை அவர். நான்தான் கேட்டேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத மருமகள் அப்படிக் கேட்கலாமா என்று இப்போது யாராவது நினைத்தால், அவர்கள் மலாக்காவில் புக்கிட் காதில் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அந்த வீட்டில் ஒரே ஒரு அறை. அது அத்தைக்கு. எங்களுக்குக் கூடத்தில் ஒரு திரைச்சீலை. மஞ்சள் பூப்போட்ட அந்தத் துணிக்கு இந்தப் பக்கம் நாங்கள் ரகசியமாக ஒரு வார்த்தை பேசினால், அந்தப் பக்கத்திலிருந்து அத்தை அதற்குப் பதில் சொல்வாள். ஒருநாள் இவர் என் காதில், "நாளைக்கு மீன் குழம்பு வைக்கிறியா?" என்று கேட்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆகவே எனக்கு ஒரு வீடு வேண்டும். சுவர் உள்ள வீடு. நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை.

நாலு விரல்

கையைப் பற்றி விவரமாகச் சொன்னவர் அத்தையின் தம்பி ரத்தினம் மாமா. இரண்டு வீடு தள்ளிக் குடும்பத்தோடு இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எங்கள் வீட்டில் இருப்பார்.

"பின்னாடி ஒரு ரூம். குடி வந்தவன் கதவுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சு, பூட்டிட்டுப் படுத்திருக்கான். காலையில தொறந்து பார்த்தா, ஈரப் பெயிண்ட்ல ஒரு கை. உள்பக்கமா. நாலே விரல்தான்" என்றார் மாமா, தட்டில் சோற்றைப் பிசைந்தபடி. "மறுபடி அடிச்சான். மறுபடி கை. அவனும் விடலே, அதுவும் விடலே. அப்புறம் ஒருநாள் பலகை அறுக்கறப்ப..."

"சுண்டு விரல் போயிடுச்சா?" என்றேன்.

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மறுநாள் ஆளைக் காணோம். கதவுல அவன் கை மட்டும் இருக்கு. முதல்லேர்ந்து பதிஞ்சது அவன் கையேதான். அப்படித்தானே மாமா?"

"பார்த்தியா அக்கா, இந்தப் புள்ளைக்கே தெரியுது லா. ஊரே பேசுது."

என் வாயால் நானே கெட்டேன். ஆனால் எனக்கு அந்தக் கதை ஊரார் சொல்லித் தெரிந்ததில்லை. ரேடியோவில் கேட்டது. கல்யாணத்துக்கு முன், டவுனில் அப்பா வீட்டில் இருந்தபோது. வாரம் ஒரு பேய்க் கதை வரும். ஒரு வாரத்துக் கதைக்கும் அடுத்த வாரத்துக் கதைக்கும் சம்பந்தம் இருக்காது. ஆனால் எல்லாக் கதைக்கும் முன்னால் ஒரே ஆசாமி வந்து அறிமுகம் செய்வார். "விளக்கைக் கொறச்சுக்குங்க. கதவு சாத்தியிருக்கான்னு பார்த்துக்குங்க. அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

"அது ரேடியோ கதை அத்தை" என்றேன்.

"எந்த ரேடியோ கதை? பேரு என்னா?"

தெரியவில்லை.

"கண்டுபிடிச்சுக் காட்டு. காட்டிட்டா நானே வந்து அந்த வீட்ல பால் காய்ச்சித் தாரேன்" என்று அத்தை பூசணி விதைகளைச் சேர்த்து அள்ளினாள். எங்கள் வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த வாக்குறுதியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிபிக்கின் கோபம்

அந்த வீட்டுக்காரம்மா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட செட்டிகள் வாழும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். நாங்கள் மரியாதையாகப் பிபிக் என்று கூப்பிடுவோம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். சாமி பெயரும் உறவுமுறையும் சில பலகாரங்களின் பெயரும்தான் அவருக்குத் தமிழில் வரும்.

விஷயத்தைச் சொன்னதும், "மானா அடா ஹந்து!" என்று வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். பேய் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். அந்த வீட்டில்தான் தன் மூன்று பிள்ளைகளும் பிறந்தார்களாம். நாலு விரலோடு ஒருத்தரும் பிறக்கவில்லையாம்.

ஆனால் பேச்சு பரவிவிட்டதால் குடும்பத்தோடு யாரும் வருவதில்லை. கடைசியில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, அரிசி மூட்டை அடுக்கக் கேட்டிருக்கிறார். மூட்டைக்குப் பேய் பயம் கிடையாது. தீபாவளிவரை எனக்காகப் பொறுத்திருப்பதாகப் பிபிக் சொன்னார். நான் அந்தப் பின் அறைக் கதவைத் தடவிப் பார்த்தேன். நீலப் பெயிண்ட் உரிந்து, அடியில் பச்சை தெரிந்தது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

பாலா அண்ணன் கேட்ட கேள்விகள்

என் பெரியப்பா மகன் பாலா அண்ணன் கோலாலம்பூரில் வானொலி நிலையத்தில் இசைத்தட்டுகளைப் பாதுகாக்கும் பிரிவில் இருந்தார். டத்தோ சாச்சார் என்னும் மாரியம்மன் திருவிழாவுக்கு மலாக்கா வந்தவரை நேரே அடுப்படிக்கு இழுத்து வந்து உட்கார வைத்தேன்.

"கதவுக் கதைன்னா ஒண்ணு தெரியும்" என்றார் உடனே. "ஆனா அதுல கதவு தொறக்கும், உள்ள ஒரு கெழவி நிப்பா."

"இல்லண்ணா. இதுல உள்ள யாருமே கிடையாது. கைதான்."

"அப்ப அது இல்லே. கதையை மட்டும் வச்சுத் தேடாதே. கதைங்க ஊர் சுத்தும். ஒரே கதையை நாலு கம்பெனி வாங்கி நாலு தொடர்ல போடுவான். கதையும், அதைச் சொல்ல வந்த ஆளும் ரெண்டும் சேர்ந்து பொருந்தணும். அப்பத்தான் புடிச்சோம்னு அர்த்தம்."

தலைப்பு ஏன் யாருக்கும் ஞாபகமிருப்பதில்லை என்பதையும் அவர்தான் விளக்கினார். தொடரின் பெயரை ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, இசையோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆரம்பத்தில் நாம் இடம் பிடித்துக்கொண்டிருப்போம். முடிவில் எழுந்து போய்விடுவோம். நடிக்கிறவர்களும் வாரா வாரம் மாறுகிறார்கள். எனவே மனதில் நிற்பது அறிமுகம் செய்கிற ஆளும், நன்றாகப் பயந்த ஒரே ஒரு கதையும்தான்.

"அந்த ஆளு கதைக்குள்ள வருவாரா?" என்று கேட்டார் அண்ணன்.

"மாட்டாரு. முன்னால வருவாரு, கடைசியில வருவாரு."

"ஒரு டாக்டர் கதை சொல்ற தொடர் உண்டு, அப்ப அது இல்லே. அதுல டாக்டரும் கதையில ஒரு ஆளு, கதையும் வாரா வாரம் தொடர்ந்துக்கிட்டே போவும். சரி, நடுவுல நிறுத்துவாங்களா?"

நிறுத்துவார்கள். பயம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கொஞ்சம் இசை வரும், அப்புறம்தான் தொடரும். அந்த இடைவெளியில் தேநீர்க் கோப்பைகள் நகரும் சத்தம்கூட எனக்கு நினைவிருந்தது.

அண்ணன் கையிலிருந்த அதிரசத்தைக் கீழே வைத்தார்.

"அது வெளிநாட்டுத் தட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெருசா இருக்கும். ஒரு பக்கத்துல கால் மணி நேரம்தான் புடிக்கும். அரை மணி நேரக் கதைக்கு ரெண்டு பக்கம் வேணும். மாத்துறதுக்குத்தான் நடுவுல இசை. நம்ம தமிழ் நாடகத்துக்கு அந்தத் தொல்லை இல்லே, ஒரே மூச்சுல போயிடும். நீ கேட்டது இங்கிலீஷ் நிகழ்ச்சி."

"இல்லண்ணா. அவர் தமிழ்ல பேசினாரு."

"வெளிநாட்டுத் தட்டுல தமிழ் எப்படி வரும்?"

அண்ணன் அதிரசத்தை முடித்துக்கொண்டு எழுந்தார். போகும்போது ஒரு எச்சரிக்கையும் விட்டுப் போனார். கூடக் கேட்ட யாரையாவது விசாரிப்பதானால், விடையை நானே எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். சிரித்தாரா என்று கேட்கக் கூடாது. என்ன கேட்டது என்றுதான் கேட்க வேண்டும்.

அவர் பேச்சு உண்மையா என்று ரத்தினம் மாமாவிடமே சோதித்தேன். "மாமா, அந்தக் கதை சொன்னவர் சிரிப்பாரா?" என்றேன். "ஆமா லா, பயங்கரமா சிரிப்பாரு" என்றார். "அழுவாரா?" என்றேன். "அதுவும் உண்டு" என்றார். "பின்னால புல்லாங்குழல் கேட்குமா?" என்றதற்கு, அந்தப் புல்லாங்குழலை எப்படி மறக்க முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பலகைச் சுவரின் மறுபக்கம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பாவின் வீட்டில் ரேடியோ கிடையாது. எங்கள் வீட்டுக்கும் காதர் பாயின் புத்தகக் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். ரேடியோ அந்தப் பக்கம் இருந்தது. வியாழக்கிழமை அந்தி சாய்ந்ததும் கடையில் பெஞ்சு போடுவார்கள். கூட்டமெல்லாம் ஆண்கள். வயது வந்த பெண் அங்கே போய் உட்கார முடியாது. நான் இந்தப் பக்கம் பலகையில் காதை வைத்துக்கொண்டு, கையில் ஒரு துணியும் ஊசியும் பிடித்திருப்பேன், அம்மா வந்தால் தைப்பதற்கு. அந்தத் துணியில் ஒரு ரோஜாப் பூவைத் தைத்து முடிக்க எனக்கு எத்தனையோ பேய்கள் தேவைப்பட்டன.

அதாவது நான் அந்த ரேடியோவை ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டது மட்டும்தான்.

இது என் மண்டையில் உறைத்தபோது நான் பாசார் சந்தையில் நின்று கெளுத்தி மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மீனை அப்படியே விட்டுவிட்டு ஒரு பெச்சா ரிக்‌ஷாவைப் பிடித்துக் காதர் பாய் கடைக்குப் போனேன்.

காதர் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வாம்மா, மாப்பிள்ளை சௌக்கியமா?" என்றார்.

எடுத்துக் கொடுக்கக் கூடாது. "பாய், வியாழக்கிழமை பேய்க் கதை போடுவீங்களே. எப்படி ஆரம்பிக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கல்லாவில் இரண்டு கையையும் ஊன்றிக் குரலைத் தாழ்த்தினார்.

"விளக்கைக் கொறச்சுக்குங்க. கதவு சாத்தியிருக்கான்னு பார்த்துக்குங்க. அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது." பிறகு சிரித்தார். அதே சிரிப்பு.

நான் பக்கத்திலிருந்த நாட்காட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நிகழ்ச்சி ஆங்கிலம். பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது விளங்காது. எனவே ஆங்கிலத்துக்காரர் வாயைத் திறந்ததும் பாய் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தானே அறிமுகம் செய்வார். கதை நடக்கும்போது அழுகை, அலறல், கதவுச் சத்தம் வந்தால் கூட்டி வைப்பார், பேச்சு வந்தால் குறைத்துத் தமிழில் சொல்வார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் ஒரே நிகழ்ச்சியாகக் கேட்டிருக்கிறது. நான் இத்தனை நாள் தேடிய ஆசாமி, எனக்குப் பள்ளிக்கூடப் பென்சில் விற்றவர்.

"உண்மையான ஆளு எப்படி ஆரம்பிப்பாரு பாய்?"

"அந்த வெள்ளைக்காரனா? அவன் ஒரு லாட்ஜுக்குக் காவல்காரன் மாதிரி பேசுவான். முதல்ல சாவிக் கொத்து குலுங்கும். ஒரு வாரம் ஒரு ரூமைத் தொறப்பான். ரூமுக்கு ஒரு கதை. முடிஞ்சதும் பூட்டிட்டுப் போவான்."

சாவிச் சத்தம் எனக்கும் நினைவிருந்தது. பாய் தன் கல்லாப் பெட்டியைப் பூட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது ஒரு சந்தேகம் வந்தது. "கதவுக் கதை காஜா பெராங்ல நடந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ச்சே ச்சே. அது கடலோர வீட்டுக் கதைம்மா. அலைச் சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். காஜா பெராங்ல அலைக்கு நான் எங்க போறது? கிளேபாங்னுதான் சொன்னேன்."

அப்படியானால் கிளேபாங் கடற்கரையிலிருந்து பேய் டவுனுக்குள் எப்படி வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. ரத்தினம் மாமாவின் கைவேலை என்று நினைத்துக்கொண்டேன்.

காலி அறைகள்

மறுநாள் என் கணவர் அலுவலகத் தொலைபேசியில் பாலா அண்ணனைப் பிடித்தார். சாவிக் கொத்து, லாட்ஜ் காவல்காரர், வாரம் ஒரு அறை, நடுவில் தட்டு மாற்றும் இசை, நாலு விரல் கை. அண்ணன் முழுதாகக் கேட்கக்கூட இல்லையாம்.

"'வேக்கன்ட் ரூம்ஸ்'" என்றாராம். காலி அறைகள் என்று அர்த்தம். எனக்கு வேண்டியதும் ஒரு காலி வீடுதான் என்பதால் அந்தப் பெயரை உடனே மன்னித்தேன்.

ஆனால் பெயர் தெரிந்தால் போதாது. பெயரை நானே புனைந்ததாக அத்தை சொல்லிவிடுவாள். கதையை அவள் காதால் கேட்க வேண்டும். பழைய தட்டுகள் நிலையத்தில் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது உடைத்துப் போட வேண்டும், அதுதான் முறை. எங்கள் நல்ல காலம், நேயர்கள் விரும்பிக் கேட்டதால் ஆங்கிலப் பிரிவு அதே தொடரை மறுபடி வரவழைத்து, மறுபடியும் வியாழக்கிழமைகளில் போட ஆரம்பித்திருந்தது. கதவுக் கதை எந்த வாரம் வரும் என்று மட்டும் யாருக்கும் சொல்ல முடியவில்லை. பத்திரிகை நிகழ்ச்சிப் பட்டியலில் தொடரின் பெயர்தான் இருக்கும், கதையின் பெயர் இருக்காது. தட்டுகளும் வந்து சேர்கிற வரிசையில் ஒலிபரப்பாகும்.

ஆக, வாரா வாரம் அத்தையை ரேடியோ முன்னால் உட்கார வைக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் ரேடியோ இல்லை. காதர் பாய் தன் கடையின் பின்கட்டை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். அத்தை முதலில் முணுமுணுத்தாள். இரண்டாம் வாரம் எனக்கு முன்னால் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். கடையில் பெரிய நாற்காலியை அவளே எடுத்துக்கொண்டாள். ரத்தினம் மாமா சூடாக வடை கிடைக்கும் என்பதற்காக வந்தார்.

கிணற்றுக் கதை வந்தது. பொம்மைக் கதை வந்தது. ரயில் கதை வந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே இரண்டு முறை வீட்டை வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பிபிக் சொல்லி அனுப்பினார். எனக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. பேய் வராததை நினைத்து அப்படிக் கவலைப்பட்டவள் மலாக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க முடியும்.

அலைச் சத்தம்

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. ரேடியோவின் பச்சைக் கண் விளக்கு மெல்லப் பிரகாசமாகி, சாவிக் கொத்து குலுங்கியது. காதர் பாய் விளக்கைக் குறைக்கச் சொன்னார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

அலைச் சத்தம்.

நான் இவர் கையை இறுக்கிப் பிடித்தேன். பாய் மொழிபெயர்த்தார். கடலோரத்தில் ஒரு வீடு. புதிதாக ஒருவன் குடி வருகிறான். கையில் ஒரு டின் பெயிண்ட். ரத்தினம் மாமா வடையை வாய்க்குக் கொண்டுபோனவர், அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவு, ஈரப் பெயிண்ட், உள்பக்கம் பதிந்த கை. எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நடு இசை வந்தது, தட்டு மாறியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதை முடிந்து வெள்ளைக்காரர் திரும்ப வந்தார். பாய் சத்தத்தைக் குறைத்தார். மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் இன்னொரு குரல் கேட்டது.

"இந்த ரூமும் பூட்டியாச்சு. அடுத்த ரூமுக்குச் சாவி உங்க கையில இருக்கா, என் கையில இருக்கா?"

அத்தை. கண்ணை மூடிக்கொண்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, பாயின் ராகத்திலேயே சொன்னாள். பழைய வியாழக்கிழமைகளில் பாய் கதையை முடிக்கும் வரி அது; இந்த வாரங்களில் அவர் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.

நாங்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். வெள்ளைக்காரர் மட்டும் ரேடியோவுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அத்தை மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"காதர் பாய் சம்சாரம்கிட்ட தையல் மிசின் இருந்துச்சு. ரவிக்கை தைக்க வருவேன்" என்றாள், மழையைப் பார்த்தபடி. "இதே பின்கட்டுதான்."

"அக்கா" என்றார் ரத்தினம் மாமா. அவர் முகத்தில் நிஜமான வருத்தம். "காஜா பெராங்ல நடந்ததுன்னு நீதானே எங்கிட்ட சொன்னே. அப்பவே, இவங்க வீடு பார்க்கப் போன அன்னிக்கு. நான் ஊரு பூரா சொல்லிட்டேன் லா."

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ரோஜாப் பூ தைத்துக்கொண்டிருந்த அதே வியாழக்கிழமைகளில், பின்கட்டில் இவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே கதைக்கு இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கிறோம். அப்போது எனக்கு வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வாரம் என்னை அலையவிட்டு, வடையும் தின்றுகொண்டு, எல்லாம் தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வீட்ல யாரும் இல்லன்னு உங்களுக்கு முதல்லேயே தெரியும்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டா நம்ம வீட்லயும் யாரும் இருக்க மாட்டாங்க. அதுவும் தெரியும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். காதர் பாய் ரேடியோவை அணைத்துவிட்டு, இல்லாத தூசியைத் துடைத்தார். அத்தைக்குப் புருஷன் இல்லை, இவரைத் தவிர வேறு பிள்ளை இல்லை. மஞ்சள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் பதில் சொன்னதெல்லாம், அங்கே பேச வேறு ஆள் இல்லாததால்தான்.

"அப்ப நீங்களும் எங்களோட வந்துடுங்க அத்தை" என்றேன். சொன்னது நான்தான். சுவர் வேண்டும் என்று ஊர் முழுக்கப் பேயைத் தேடி அலைந்த நானேதான். இவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி பாதி, பீதி பாதி.

யோசித்துச் சொல்கிறேன் என்பாள், மகன் வற்புறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"முன் ரூம் எனக்கு. பின் ரூம்ல காத்து வராது, சன்னலுக்கு நேரா பிபிக் வீட்டுக் கோழிக் கூண்டு."

எங்களோடு ஒருநாளும் அந்த வீட்டைப் பார்க்க வராதவள் அவள்; எப்போதோ தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.